முதல் அரை நிமிடம்: வெளிநாட்டு அறிமுகக் கூட்டத்தில் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பாடம்



உங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கும் கருவாட்டிலும் உப்பிலும் ஒரு பங்கு எங்கள் கரையிலிருந்துதான் வந்திருக்கும். புத்தளம் களப்புக்கும் பெருங்கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் கற்பிட்டிப் பக்கத்தில் நான் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். மலையிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்து தங்கிப் படிக்கும் பிள்ளைகளும் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். இந்தப் பாடம் கடற்கரைப் பிள்ளை ஒருத்தியை வைத்து எழுதியது. ஆனால் அவள் தடுக்கி விழுந்த இடங்களில்தான் நுவரெலியாப் பிள்ளையும் பதுளைப் பிள்ளையும் விழுவார்கள். நாக்கு எல்லோருக்கும் தமிழ் நாக்குத்தானே.

அவளுடைய உண்மைப் பெயரை இங்கே போடவில்லை. பவானி என்று வைத்துக்கொள்வோம். தகப்பன் களப்பில் மீன் பிடிப்பவர். உயர்தரம் முடித்து, அவுஸ்திரேலியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இறால்களுக்கு வரும் நோய்களைப் பற்றிப் படிக்க அவளுக்கு இடம் கிடைத்தது. படிப்பு தொடங்குமுன் வெளிநாட்டுப் பிள்ளைகளை எல்லாம் ஒரு மண்டபத்தில் கூட்டுவார்கள். ஒரியன்டேஷன் என்பார்கள். வட்டமாக உட்கார வைத்து ஒவ்வொருவரையும் எழும்பித் தன்னைப் பற்றிச் சொல்லச் சொல்வார்கள். ஆளுக்கு அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். பெயர், ஊர், படிக்கப் போவது. கேட்க இலகு. ஆனால் அங்கே இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழன் பேசும் ஆங்கிலத்தை அதற்கு முன் கேட்டதே இல்லாதவர்கள். நேபாளம், சீனா, பிரேசில் என்று அவர்களும் பல திக்கிலிருந்து வந்தவர்கள்.

பவானி ஒரு சின்ன உரையை எழுதிப் பாடமாக்கிக்கொண்டு வந்தாள். எனக்குச் சொல்லிக் காட்டினாள். ஒரு பிழையும் இல்லை. எல்லாம் விளங்கியது.

விளங்கியதுதான் பிரச்சினை. நான் அவளை ஆறாம் வகுப்பிலிருந்து கேட்கிறவள். அவள் வாயைத் திறக்கும் முன்னமே என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். படிப்பித்த டீச்சரும் பெற்ற தாயும் இதற்கு நீதிபதியாக இருக்க முடியாது.

கற்பிட்டிக் கரைக்குக் காற்றுக் காலத்தில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்கி விளையாட ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வருவார்கள். ஒரு விருந்தினர் விடுதியின் சமையலறையில் என் உறவுப் பெண் வேலை செய்கிறாள். அவள் மூலமாக அங்கே தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியிடம் பேசி, பவானியைக் கூட்டிப் போனேன். "இந்தப் பிள்ளை அரை நிமிடம் பேசும். விளங்கியதா என்று சொல்ல வேண்டாம், காதில் விழுந்ததை அப்படியே எழுதித் தாருங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். விளங்கியதா என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். எழுதச் சொன்னால்தான் உண்மை வெளிவரும். உச்சரிப்பை ஆராய்கிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். மன்றோ, டெர்விங் என்ற இருவர் கனடாவிலிருந்து 1995இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சீனம் பேசுகிறவர்களின் ஆங்கிலத்தைக் கேட்பவர்களைக் கொண்டு எழுத வைத்தார்கள். "இது கடுமையான வெளிநாட்டு உச்சரிப்பு" என்று கேட்டவர்களே சொன்ன பல வசனங்களை, அதே ஆட்கள் ஒரு சொல் விடாமல் சரியாக எழுதியிருந்தார்கள். உச்சரிப்பு வேறாக இருப்பது ஒரு விஷயம், விளங்காமல் போவது இன்னொரு விஷயம்.

பவானி முதலில் சொன்ன உரை இதுதான். அச்சு வசதிக்காகத் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

"குட் மோர்னிங் எவ்ரிபடி. மை நேம் இஸ் எஸ். பவானி. ஐ ஆம் ஃப்ரொம் புத்தளம். இட் இஸ் இன் த வெஸ்ட் கோஸ்ட் ஒஃப் ஸ்ரீலங்கா. மை ஃபாதர் இஸ் எ ஃபிஷர்மன். ஐ ஆம் கோயிங் டு ஸ்டடி ப்ரோன் டிசீசஸ். தேங்க் யூ."

அந்தப் பெண்மணி எழுதித் தந்த தாளை இன்னும் வைத்திருக்கிறேன். ஆளின் பெயர் "எஸ்பவானி". ஊர் "புட்டல" மாதிரி ஏதோ, பக்கத்தில் கேள்விக்குறி. அதுவும் காற்றில்லாத பானாவில், ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தைப் போட்டு எழுதியிருந்தார். ஸ்ரீலங்கா சரி. தகப்பன் என்ன செய்கிறார் என்ற இடத்தில் வெறும் கோடு. கடைசியில் நோய் என்ற சொல் மட்டும் இருந்தது, எதற்கு வந்த நோய் என்று இல்லை.

பவானிக்கு முகம் சுருங்கிப் போனது. "என்ன டீச்சர், நான் அவ்வளவு மோசமாவா பேசினேன்?"

"மோசமில்ல பிள்ளை. நீ சொன்னது எல்லாம் சரி. சொன்ன ஒழுங்குதான் சரியில்ல" என்றேன். அதிலும் இரண்டு மூன்று எழுத்தில் மட்டும் வேலை இருந்தது. (புத்தளத்தைக் கேட்டவர் "புத்தல" என்று எழுதினால் பதுளைப் பக்கத்து ஆட்கள் சிரிப்பார்கள். அந்தப் பெயரில் ஊவாவில் உண்மையாகவே ஓர் ஊர் இருக்கிறது. கடற்கரைப் பிள்ளையை மொனராகலை மாவட்டத்துக்குக் கொண்டுபோய் விட்டார் அந்தப் பெண்மணி.)

முதலில் ஒழுங்கைப் பார்ப்போம். புதிய உச்சரிப்பைக் கேட்கும் காது தொடக்கத்தில் தடுமாறும், பிறகு பழகிக்கொள்ளும். கிளார்க், காரட் என்ற இருவர் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து பார்த்தது. ஸ்பானிய, சீன உச்சரிப்பில் ஆங்கிலம் பேசுவதை அமெரிக்கர்களுக்குக் கேட்க வைத்து, ஒவ்வொரு வசனத்தின் கடைசிச் சொல்லையும் எவ்வளவு விரைவாகப் பிடிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஆரம்பத்தில் சுணங்கினார்கள். ஒரு நிமிடத்துக்குள் அந்தச் சுணக்கம் பெரும்பாலும் குறைந்துவிட்டது. சிலவேளை இரண்டு முதல் நான்கு வசனங்களே போதுமாக இருந்தன.

இப்போது பவானியின் உரையை மறுபடி பாருங்கள். கேட்பவரின் காது இன்னும் திறக்காத இரண்டாவது வசனத்திலேயே பெயர் வந்துவிடுகிறது, மூன்றாவதில் ஊர். உரையில் உள்ள சொற்களில் ஊகித்துப் பிடிக்க முடியாத சொற்கள் இவை இரண்டுதான். மற்ற எந்தச் சொல் தவறினாலும் முன்பின் சொற்களை வைத்துக் கேட்பவர் ஒப்பேற்றிக்கொள்வார். "பவானி", "புத்தளம்" என்பவற்றை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. அப்படிப்பட்ட சொற்களை, காது மூடியிருக்கும் நேரத்தில், அதுவும் பயத்தில் வேகமாகச் சொன்னால் எப்படிப் பிடிபடும்?

ஆகவே பெயரைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினோம். முதலில் எல்லோருக்கும் தெரிந்த சொற்களில் இரண்டு மூன்று வசனம். ஸ்ரீலங்காவிலிருந்து வருகிறேன், இந்தியாவுக்குத் தெற்கே உள்ள தீவு, ஞாயிற்றுக்கிழமைதான் வந்து சேர்ந்தேன். இந்தியா, தீவு, ஞாயிறு எல்லாம் கேட்பவருக்குப் பழகின சொற்கள். அவற்றை இந்தப் பிள்ளையின் வாயில் கேட்கும்போதே, இவள் எழுத்துகளை எப்படிச் சொல்கிறாள் என்று காது கற்றுக்கொள்கிறது. பிறகு பெயர் வரட்டும்.

பெயரைச் சொல்லும் விதத்திலும் ஒரு வேலை இருந்தது. பள்ளிக்கூட இடாப்பில் கூப்பிடுவதுபோல நம் பிள்ளைகள் முதலெழுத்தையும் சேர்த்தே சொல்வார்கள். "எஸ்" என்ற ஒலிக்கு அடுத்ததாகப் "பவானி" வந்ததும் வெள்ளைக்காரர் காதில் அது ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டது. தகப்பன் பெயரின் முதலெழுத்து அங்கே யாருக்கும் தேவையில்லை, அதை விட்டுவிட வேண்டும். "மை நேம் இஸ்" என்று சொல்லி ஒரு மூச்சு நிறுத்தம். பிறகு பெயர் மட்டும். மறுபடி ஒரு நிறுத்தம். பிறகு பெயரை அசை அசையாக, ப, வா, னி என்று. பிறகு "இப்படியே கூப்பிடுங்கள்" என்று மூன்றாம் முறை ஒரு வசனத்துக்குள் வைத்து. மூன்று முறையா என்று பவானி வெட்கப்பட்டாள். புதுச்சொல் ஒன்றை நாமே ஒரு தடவையில் பிடிப்பதில்லையே.

பெற்றோருக்கு ஒரு குறிப்பு. கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற இடத்தில் தகப்பனின் பெயர் போயிருந்தால், பல்கலைக்கழகத்தில் கழுத்தில் மாட்டும் அட்டையிலும் பெயர்ப்பட்டியலிலும் அதுவே முன்னுக்கு நிற்கலாம். பிள்ளையைத் தகப்பன் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இரண்டு மாதம் கழித்துத் திருத்துவது கஷ்டம். அட்டையில் அப்படி இருந்தால் "அது என் அப்பாவின் பெயர், என் பெயர் பவானி" என்ற ஒரு வசனத்தை அந்த முதல் நாளிலேயே சேர்த்துவிட வேண்டும்.

இனி எழுத்துகள். ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தில் ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் போட்டிருப்பது வாசிக்கும் வசதிக்கு. பிள்ளைகள் தங்கள் கொப்பியில் அப்படி எழுதிப் பாடமாக்கக் கூடாது. நம் "ப" என்ற ஒரே எழுத்து ஆங்கிலத்தின் இரண்டு எழுத்துகளுக்கு வேலை பார்க்கிறது. "பே" என்று எழுதி வைத்தால் அது காசு கொடுப்பதா, கடல் விரிகுடாவா என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. வாயும் அந்தத் தாளைப் பின்பற்றி இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

சொல்லின் தொடக்கத்தில் வரும் வல்லின "ப", "ட", "க" ஒலிகளை ஆங்கிலேயர் ஒரு சின்ன ஊதலோடு சொல்வார்கள். நாம் ஊதுவதில்லை. ஊதல் இல்லாத "ப"வைக் கேட்டால் அவர்கள் காதுக்கு அது மற்ற "ப", அதாவது தொண்டை அதிரும் "ப" மாதிரிப் படும். புத்தளம் அதனால்தான் அந்தத் தாளில் அப்படி விழுந்தது. விரல் நீளத்துக்கு மெல்லிய கடதாசித் துண்டு ஒன்றைக் கிழித்து, இரண்டு விரலால் பிடித்து, உதட்டுக்கு முன்னால் இரண்டு அங்குலத்தில் தொங்கவிடுங்கள். தமிழில் "பாட்டு" என்று சொல்லுங்கள், கடதாசி லேசாக ஆடும் அல்லது ஆடாது. இனி வாயைப் பொத்தி, காற்றைச் சேர்த்து வெடிக்க விட்டு, பேனைக்குச் சொல்லும் ஆங்கிலச் சொல்லைச் சொல்லுங்கள். கடதாசி துள்ள வேண்டும். துள்ளினால் சரி. பவானி புத்தளத்தையும், இறாலைக் குறிக்கும் "ப்ரோன்" என்ற சொல்லையும் இப்படி ஒரு வாரம் பழகினாள். தன் பெயரைச் சொல்லும்போது மட்டும் கடதாசி ஆடக் கூடாது, ஏனென்றால் அது மற்ற "ப". ஒரே வாயால் ஒன்றுக்கு ஊதியும் ஒன்றுக்கு ஊதாமலும் சொல்வதுதான் பயிற்சி. தம்பிமார் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

அடுத்தது "வ". தமிழ் "வ" ஆங்கிலத்தின் இரண்டு எழுத்துகளுக்கும் நடுவில் நிற்கிறது. மேற்கு என்ற ஆங்கிலச் சொல்லை நாம் சொன்னால் அவர்களுக்கு உள்ளங்கி மாதிரிக் கேட்கலாம். இதற்குக் கண்ணாடி போதும். மேற்கைச் சொல்லும்போது உதடு இரண்டும் விசில் அடிப்பதுபோலக் குவிய வேண்டும், பல் தெரியக் கூடாது. கிராமத்துக்கான ஆங்கிலச் சொல்லில் மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். பவானியின் பெயரில் நடுவில் வருவதும் இந்தப் பல் தொடும் ஒலிதான். அதே கண்ணாடியை வைத்து "ஃப" ஒலியையும் பாருங்கள். தகப்பன், மீன் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களும் அதில்தான் தொடங்குகின்றன. மேற்பல் கீழுதட்டில் பட்டபடி காற்றை ஐந்து வினாடி தொடர்ந்து விட முடிந்தால் அது "ஃப". விட முடியாமல் உதடு ஒட்டி வெடித்தால் நீங்கள் இன்னும் "ப"விலேயே நிற்கிறீர்கள். அந்தப் பெண்மணியின் தாளில் தகப்பன் தொழிலுக்குக் கோடு விழுந்தது இதனால். ஒரே வசனத்தில் இரண்டு "ஃப"வும் நழுவிவிட்டன.

இவ்வளவுதான் எழுத்து வேலை. "ட"வை நாக்கை மடித்துச் சொல்கிறோம், "ர"வை உருட்டுகிறோம், "தேங்க் யூ"வில் நாக்கைப் பல்லுக்கு வெளியே நீட்டுவதில்லை என்றெல்லாம் கவலைப்பட வேண்டாம். பல நாட்டவர் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது எது விளக்கத்தைக் கெடுக்கிறது என்று ஆராய்ந்து ஜெனிபர் ஜென்கின்ஸ் 2000இல் எழுதிய நூல், நாக்கை நீட்டும் அந்த ஒலியைத் திருத்த வேண்டியவற்றின் பட்டியலில் சேர்க்கவில்லை. சொல்லின் தொடக்கத்து ஊதலைச் சேர்த்திருக்கிறது. மூன்று மாதம் நாக்கை நீட்டிப் பழகும் நேரத்தில் ஒரு வாரம் கடதாசி பிடிக்கலாம்.

எழுத்தைவிடப் பெரிய விஷயம் அழுத்தம். தமிழில் அசைகளை ஏறக்குறைய ஒரே எடையில் கோத்துக்கொண்டு போவோம். ஆங்கிலம் கேட்பவர் ஒவ்வொரு துண்டிலும் ஒரே ஓர் அசை ஓங்கி விழும் என்று காத்திருப்பார். அங்கேதான் செய்தி இருக்கிறது என்று அவர் பழகியிருக்கிறார். லோரா ஹான் என்பவர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் படிப்பிக்க வந்த கொரிய மாணவர் ஒருவர் ஒரே விரிவுரையை மூன்று விதமாகப் பேசினார். ஒன்றில் அழுத்தம் சரியான சொல்லில், இன்னொன்றில் தவறான சொல்லில், மற்றதில் அழுத்தமே இல்லாமல். உச்சரிப்பு மூன்றிலும் அவருடையதே. சரியான இடத்தில் அழுத்தியதைக் கேட்ட மாணவர்கள் பாடத்தைக் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள்.

அழுத்துவது என்றால் கத்துவது அல்ல. அந்த அசையைக் கொஞ்சம் நீட்டி, குரலைக் கொஞ்சம் உயர்த்தி, மற்றவற்றைத் தளர விடுவது. பவானிக்கு வள்ளம் தள்ளுவதை உதாரணம் சொன்னேன். ஏலேலோ போடும்போது எல்லா இடத்திலும் பலம் போடுவதில்லை, ஓர் இடத்தில்தான் எல்லோரும் சேர்ந்து தள்ளுகிறார்கள். உடனே பிடித்துக்கொண்டாள்.

மெதுவாகப் பேசு என்று நாம் சொன்னால் பிள்ளைகள் ஒவ்வொரு சொல்லாக உடைத்துச் சொல்வார்கள். அது வேகத்தைவிட மோசம். எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்று கேட்பவருக்குத் தெரியாமல் போகும். துண்டுக்குள் சொற்கள் ஒட்டி ஓட வேண்டும், துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். கீழே உள்ள உரையில் கோடு வரும் இடமெல்லாம் நிறுத்தம்.

"ஹலோ எவ்ரிவன். / ஐ கம் ஃப்ரொம் ஸ்ரீலங்கா, / த ஐலண்ட் சவுத் ஒஃப் இந்தியா. / ஐ அரைவ்ட் ஒன் சண்டே. / மை நேம் இஸ் / பவானி. / ப-வா-னி. / ப்ளீஸ் கோல் மீ பவானி. / மை ஹோம் இஸ் இன் புத்தளம், / எ டவுன் பை த சீ, / ஒன் த வெஸ்ட் கோஸ்ட். / மை ஃபாதர் கேட்சஸ் ஃபிஷ் / இன் எ லகூன். / ஐ ஆம் ஹியர் டு ஸ்டடி / த டிசீசஸ் ஒஃப் ப்ரோன்ஸ். / இஃப் யூ டிட் நொட் கேட்ச் மை நேம், / ப்ளீஸ் ஆஸ்க் மீ அகெய்ன்."

ஆங்கிலத்தில் எண்ணினால் ஏறக்குறைய 65 சொற்கள். நிமிடத்துக்கு 130 சொல் என்ற நிதானத்தில் பேசினால் அரை நிமிடம். முதல் உரையைவிட நீளம்தான், ஆனாலும் கொடுத்த நேரத்துக்குள் அடங்குகிறது. அழுத்தம் விழும் இடங்களைப் பாருங்கள். தீவுத் துண்டில் இந்தியாவில், ஊர்த் துண்டில் புத்தளத்தின் முதல் அசையில், அடுத்ததில் கடலில், படிப்புத் துண்டில் இறாலில். "மீனவர்" என்ற பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டு "மீன் பிடிக்கிறார்" என்று மாற்றியதையும் கவனியுங்கள். ஒரு சொல் தவறினாலும் மற்றச் சொல் காப்பாற்றும். புத்தளத்துக்கும் அப்படியே. பெயர் பிடிபடாவிட்டாலும் கடலோரம், மேற்குக் கரை என்ற இரண்டு துணைகள் பின்னாலேயே வருகின்றன. இவள் ஒரு கடற்கரை ஊர்ப் பிள்ளை என்பது மட்டுமாவது கேட்பவர் மனதில் நிற்கும்.

இனித் தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த உரையை எப்படி மாற்றுவது? ஊர்த் துண்டையும் பெற்றோர் துண்டையும் மட்டும் மாற்றினால் போதும், ஆனால் அங்கே சில பள்ளங்கள் இருக்கின்றன. பொகவந்தலாவை என்று தொடங்கிவிட்டால் கேட்பவர் பாதியிலேயே தொலைந்துபோவார். மலை, தேயிலை என்ற சொற்களை முன்னால் விட்டு, ஊர்ப் பெயரைப் பின்னால் ஒரு நிறுத்தத்தோடு சொல்லுங்கள். சிலோன் டீ என்றால் உலகத்தில் பலருக்குத் தெரியும். அந்த "டீ"க்கும் ஊதல் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். இதற்குக் கடதாசியைவிடப் புறங்கையை வாய்க்கு முன் பிடித்துப் பார்ப்பது நல்லது, காற்று தோலில் படுவது தெரியும்.

"எஸ்டேட்" என்ற சொல்லைத்தான் மிகவும் கவனிக்க வேண்டும். நமக்கு அது தோட்டம். இங்கிலாந்தில் ஒரு பிள்ளை "நான் எஸ்டேட்டில் வளர்ந்தேன்" என்றால், நகரசபை கட்டிக்கொடுத்த அடுக்குவீட்டுத் தொகுதியில் வளர்ந்தாள் என்று நினைப்பார்கள். அவுஸ்திரேலியாவில் அந்தச் சொல்லைக் காணி, வீடு விற்கும் கடைகளின் பெயர்ப்பலகையில் பார்க்கலாம். உச்சரிப்பு முத்துப்போல இருந்தாலும் செய்தி பிழைத்துப்போகும். "டீ பிளான்டேஷன்" என்று சொல்லுங்கள். "லைன்" என்பதும் அங்கே வரிசை என்றுதான் விளங்கும். வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் "தோட்டத்துக்குள்ளேயே வரிசையாக இருக்கும் சின்ன வீடுகள்" என்று விரித்துச் சொல்ல வேண்டும். அம்மாவைப் பற்றிச் சொல்லும்போதும் "ப்ளக்கர்" என்று தொழிற்பெயரைப் போடாமல் "மை மதர் பிக்ஸ் டீ" என்று வினையாகச் சொன்னால் எந்த நாட்டுக்காரருக்கும் விளங்கும். பவானியின் தகப்பனுக்குச் செய்த அதே மாற்றம்தான்.

சோதித்துப் பார்ப்பதற்கு எல்லோருக்கும் கற்பிட்டி விடுதி கிடைக்காது. கைத்தொலைபேசியில் பதிந்து, உரையை அறியாத ஒருவருக்கு அனுப்பி, கேட்டதை எழுதித் தரச் சொல்லுங்கள். வேறு ஊர்ப் பாடசாலையின் ஆங்கில ஆசிரியர், தமிழ் தெரியாத சிங்கள நண்பர், யாராயினும் சரி. ஒரே தடவை மட்டும் கேட்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், மண்டபத்தில் திரும்ப ஓட்டிக் கேட்க முடியாதே. எழுதி வந்த தாளில் மூன்று இடத்தைப் பாருங்கள்: பெயர், ஊர், படிப்பு. அந்த மூன்றும் கிட்டத்தட்டச் சரியாக இருந்தால் மற்றவை பிழைத்தாலும் பரவாயில்லை. நம் ஊரவர்களின் காது நம் உச்சரிப்புக்கு ஓரளவு பழகியது என்பதால் இந்தச் சோதனை வெளிநாட்டுக் காதைவிட இலகுவானது. இதிலேயே கோடு விழுந்தால் அங்கே நிச்சயம் விழும்.

இந்தப் பயிற்சி எல்லாவற்றையும் தீர்க்காது. மண்டபம் எதிரொலித்தால், பின்னால் கதிரை இழுத்தால், உங்களுக்கு முன்னால் பத்துப் பேர் பத்து உச்சரிப்பில் பேசிக் காதைக் களைக்க வைத்திருந்தால், நல்ல உரையும் பாதிதான் போய்ச்சேரும். கேட்பவரின் காது ஒவ்வொருவரிடமும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். அதனால்தான் கடைசி வசனத்தை அப்படி வைத்தோம். பெயர் பிடிபடாதவருக்கு மறுபடி கேட்க வெட்கமாக இருக்கும். கேளுங்கள் என்று நாமே சொல்லிவிட்டால் தேநீர் இடைவேளையில் பக்கத்தில் வந்து கேட்பார். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னால் ஆங்கில எழுத்துப் பெயர்களை மட்டும் அடுக்க வேண்டாம். இரண்டாவது எழுத்தும் பதினாறாவது எழுத்தும் இருபத்திரண்டாவது எழுத்தும் சத்தத்தில் ஒன்றுபோலவே இருக்கும். "பனானா"வில் வரும் எழுத்து, "வில்லேஜ்"இல் வரும் எழுத்து என்று ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அல்லது எழுதிக் காட்டிவிடலாம்.

தலையாட்டலையும் சிரிப்பையும் நம்ப வேண்டாம் என்றும் பவானிக்குச் சொல்லி அனுப்பினேன். விளங்காதவரும் சிரிப்பார். சொன்னதோடு சம்பந்தமான கேள்வி ஒன்று திரும்பி வந்தால்தான் உரை போய்ச்சேர்ந்தது என்று அர்த்தம்.

கூட்டம் முடிந்த இரவு அவள் போன் எடுத்தாள். பயத்தில் ஞாயிறு வசனத்தை விட்டுவிட்டாளாம். பெயரை மூன்று தடவை சொல்ல மறக்கவில்லை. உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த ஒரு பிரேசில் பையன் குனிந்து, "பவானி, இறாலுக்கு எப்படி நோய் வரும்?" என்று கேட்டானாம். 1996இல் வெண்புள்ளி நோய் வந்து எங்கள் கரையின் இறால் பண்ணைகளை அழித்ததையும், அதன் பிறகு பல குளங்கள் கைவிடப்பட்டுப் போனதையும் அவள் சொல்லத் தொடங்கினாள். அதற்குள் அடுத்த பிள்ளை எழும்பிப் பேச ஆரம்பித்துவிட்டதால் மீதியைச் சாப்பாட்டு மேசையில் சொன்னாளாம்.